ஊருக்கு அடியில் பெட்ரோல் கிடைத்தால் வெற்றிலைக்கு என்ன ஆகும்?

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் சோழவந்தான் போயிருந்தேன். முகூர்த்தம் முடிந்து ரயிலடிப் பக்கம் டீ குடிக்க ஒதுங்கினேன். அங்கே கொடிக்கால் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரும் அவருடைய தங்கை மகனும் உட்கார்ந்திருந்தார்கள். மகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. டிவியில் கச்சா எண்ணெய் விலை பற்றி ஏதோ செய்தி ஓடியது.

"ஏன் மாப்ளே, அரபு நாட்டுல இருக்கிற மாதிரி நம்ம வைகைக்கு அடியிலயும் பெட்ரோல் இருந்துட்டா, நம்ம பாடு ராஜா பாடுதானே?" என்றார் பெரியவர்.

"வந்தா மொத அடி எங்க கம்பெனிக்கும் ஒங்க வெத்தலைக்கும்தான் மாமா விழும். எங்க முதலாளி சொல்லுவாரு" என்றார் மாப்பிள்ளை.

பெரியவர் நம்பவில்லை. பணம் வந்தால் எப்படி நஷ்டம் வரும் என்று கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை சொன்னது சரிதான், ஆனால் டீ ஆறுவதற்குள் விளக்கிவிட முடியாத விஷயம். இந்த வாரம் அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இதற்குப் பொருளாதாரத்தில் ஒரு பெயர் உண்டு: 'டச்சு நோய்'. நெதர்லாந்தில் க்ரோனிங்கன் என்ற பகுதியில் 1959-ல் நிலத்துக்கு அடியில் பிரம்மாண்டமான இயற்கை எரிவாயுக் கிடங்கு கண்டுபிடிக்கப்பட்டது. நாடு முழுக்கக் குழாய் போட்டார்கள், பக்கத்து நாடுகளுக்கும் விற்றார்கள். 1973-ல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியதும் வாயு விலையும் கூடவே ஏறி, அரசாங்கத்துக்குப் பணம் கொட்டியது. அதே காலத்தில் அந்த நாட்டில் வேலை இல்லாதவர்களின் எண்ணிக்கையும் ஏறியது. 1970-ல் நூற்றுக்கு ஒருவர் என்று இருந்தது, 1977-ல் ஐந்து பேரானது. தொழிற்சாலைகளின் ஏற்றுமதி தடுமாறியது. வரவு பெருகிய வீட்டில் எப்படி ஆட்கள் வேலையிழக்கிறார்கள் என்ற புதிரைப் பற்றி எழுதியபோது, 1977 நவம்பரில் லண்டனிலிருந்து வரும் 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகை வைத்த பெயர்தான் இது.

புதிருக்கு விடை ஒரு சின்ன வித்தியாசத்தில் இருக்கிறது. அதைச் சோழவந்தான் கடைத்தெருவிலேயே பார்க்கலாம். சலூன்காரர் முடிவெட்டக் கூலியை ஏற்றினால், முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிட்டு வருவோம். முடிவெட்டிக்கொள்ள யாரும் வங்கதேசத்துக்குப் போகப் போவதில்லை. சித்தாள், ஆட்டோ, வீட்டு வாடகை எல்லாமே இந்த வகை. விலை உள்ளூரிலேயே முடிவாகும். கொடிக்கால்காரர் நிலைமை வேறு. அவருடைய கவுளிக்கு விலை வைப்பது வெளிச் சந்தை. வேறு ஊர் இலை மலிவாக வந்தால், இவர் செலவு கூடியதென்று யாரும் கூடுதலாகக் கொடுக்க மாட்டார்கள். திருப்பூர் பனியனும் அப்படித்தான். அதற்கு விலை வைப்பவர் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் வாங்குபவர்.

இப்போது ஒரு நாட்டுக்கு எண்ணெயாலோ வாயுவாலோ டாலர் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த டாலரை உள்நாட்டில் செலவழிக்க வேண்டுமானால் உள்ளூர்ப் பணமாக மாற்ற வேண்டும். டாலர் விற்க வருபவர்கள் அதிகம், வாங்குபவர்கள் குறைவு என்றால் டாலர் மலிந்துபோகும். அதாவது உள்ளூர்ப் பணத்தின் மதிப்பு ஏறும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வெளிநாட்டுச் சாமான் மலிவாகும், வெளிநாட்டுப் படிப்பு மலிவாகும். ஆனால் டாலரில் விலை பேசி, உள்ளூர்ப் பணத்தில் கூலி கொடுப்பவருக்கு மட்டும் வயிற்றில் அடி.

அந்த அடி எப்படி இருக்கும் என்பதைத் திருப்பூர் 2007-ல் அனுபவித்தது. நமக்கு எண்ணெய் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த வருடம் சாஃப்ட்வேர் ஏற்றுமதிப் பணமும், பங்குச் சந்தைக்கும் கம்பெனிகளுக்கும் வந்த வெளிநாட்டு முதலீடும், வெளிநாட்டுக் கடனுமாக டாலர் குவிந்தது. வந்தது எண்ணெயிலிருந்தா கம்ப்யூட்டரிலிருந்தா என்று டாலருக்கு முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது. விளைவு ஒன்றுதான். வருடத் தொடக்கத்தில் 44 ரூபாய்க்கு மேல் இருந்த டாலர், வருடக் கடைசியில் 39 ரூபாய் சொச்சத்துக்கு வந்துவிட்டது.

மாப்பிள்ளை வேலை பார்ப்பது போன்ற ஒரு கம்பெனியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். புரிவதற்காக நான் போடும் கணக்குதான் இது. ஒரு டி-ஷர்ட் 3 டாலர் என்று ஆர்டர். டாலர் 44 ரூபாயாக இருக்கும்போது கைக்கு வருவது 132 ரூபாய். நூலுக்கு 55, நிட்டிங்கும் சாயப்பட்டறையும் சேர்த்து 25, கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை கூலி 27, கரண்ட், வாடகை, பேங்க் வட்டி என்று 15. மொத்தம் 122. ஒரு சட்டைக்கு 10 ரூபாய் மிச்சம். குறைவுதான் என்றாலும் லட்சக்கணக்கில் போட்டால் ஓடும்.

டாலர் 39.50-க்கு இறங்குகிறது. அதே 3 டாலருக்கு இப்போது 118 ரூபாய் 50 காசு. செலவு அதே 122. மிச்சம் இருந்த 10 ரூபாய் போய், சட்டைக்கு 3 ரூபாய் 50 காசு கைநஷ்டம். டாலர் விழுந்தது பத்து சதவீதத்துக்குச் சற்று மேல். லாபமோ மொத்தமாகத் துடைத்துப் போய்விட்டது. இந்தத் தொழிலில் லாபம் என்பது விலையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய கரை மட்டுமே. டாலர் கொஞ்சம் அசைந்தாலே அது கிழிந்துவிடும்.

வாங்குபவரிடம் விலையை ஏற்றிக் கேட்டால் என்ன? பழையபடி 132 ரூபாய் கிடைக்க வேண்டுமென்றால் 3 டாலர் 35 சென்ட் அளவுக்குக் கேட்க வேண்டும். அவருக்கு நம் ரூபாய் என்ன ஆனது என்பது கவலையில்லை. அந்த வருடம் வங்கதேசத்து டாக்கா மதிப்பு பெரிதாக அசையவே இல்லை, டாலருக்கு 69 டாக்கா என்ற அளவிலேயே நின்றது. அங்கே தைப்பவர் பழைய விலைக்கே கொடுப்பார். ஆர்டர் அந்தப் பக்கம் நகரும்.

அதைவிடக் கொடுமை, ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட ஆர்டர். விலை பேசிய நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருக்கும். துணி வெட்டி, பவர் டேபிளில் ஓடிக்கொண்டிருக்கும்போது டாலர் இறங்கினால் பாதியில் நிறுத்தவும் முடியாது. விவரம் தெரிந்த பெரிய கம்பெனிகள், வரப்போகும் டாலரை இன்றைய பேச்சு விலைக்கே பேங்கில் முன்கூட்டி விற்று வைப்பார்கள். 'ஃபார்வர்டு' என்பார்கள். கையில் இருக்கும் ஆர்டரை அது காப்பாற்றும். அடுத்த ஆர்டருக்குப் புது விலைதான். ஜாப் ஒர்க் செய்யும் சின்னப் பட்டறைக்காரருக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. பெரிய கம்பெனி கூலியைக் குறைத்துக் கேட்கும்போதுதான் டாலர் இறங்கிய செய்தியே அவருக்குத் தெரியும். இறக்குமதி செய்யும் சாயமும் மெஷினும் ரூபாயில் மலிவாகியிருக்கும் என்பது உண்மை. அது சட்டைக்கு ஒன்றிரண்டு ரூபாய் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். பருத்தியும் கூலியும் நம் ஊரிலேயே முடிகிற செலவு.

அந்த ஜூலையில் மத்திய அரசு ஏற்றுமதிக் கடனுக்கு வட்டியில் இரண்டு சதவீதம் தள்ளுபடி கொடுத்தது. மேலே போட்ட கணக்கில் அதைப் பொருத்திப் பாருங்கள். வட்டி என்பது அந்த 15 ரூபாய்க்குள் ஒரு துண்டு. அதில் ஒரு துண்டு தள்ளுபடி. காயம் ஒரு இடம், களிம்பு ஒரு இடம்.

திருப்பூருக்கு ஒரு வகையில் அதிர்ஷ்டம். 2008-ல் உலக நிதி நெருக்கடி வந்து, உள்ளே வந்த டாலர் வெளியே ஓடியது. 2008 முடிவதற்குள் டாலர் 50 ரூபாயைத் தொட்டுப் பார்த்தது. அப்போது வாங்குவதற்கு ஆளில்லை என்பது வேறு கதை. ரூபாய் ஏற்றத்தால் வந்த அடி ஒரு வருடத்துக் கதையாக முடிந்தது. வாயுவோ எண்ணெயோ கிடைத்த நாட்டில் அது இருபது, முப்பது வருடக் கதை. அத்தனை காலம் நஷ்டத்தில் எந்தக் கம்பெனியும் கதவைத் திறந்து வைத்திருக்காது. கட்டிங் மாஸ்டர் வேறு வேலைக்குப் போய்விடுவார். வாங்குபவர் வேறு ஊரில் பழகிவிடுவார். கிணறு வற்றிய பிறகு பணத்தின் மதிப்பு இறங்கலாம். அதற்காகப் போன தொழில் தானாகத் திரும்பி வராது. இந்த நோயின் விஷம் இதில்தான் இருக்கிறது.

விவசாயத்துக்கு வருகிறேன். நைஜீரியா ஒரு காலத்தில் உலகின் பெரிய நிலக்கடலை ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. வடக்கே கானோ நகரத்தில் கடலை மூட்டைகளைக் கோபுரம் கோபுரமாக அடுக்கி வைத்திருக்கும் பழைய புகைப்படங்கள் பிரபலம். எகிப்து பிரமிடு மாதிரி இருக்கும். 1970-களில் அந்த நாட்டுக்கு எண்ணெய்ப் பணம் வந்தது. அதே பத்தாண்டில் அந்தக் கோபுரங்கள் காணாமல் போயின. கடலையும் பனை எண்ணெயும் விற்ற நாடு, சமையல் எண்ணெயை வெளியிலிருந்து வாங்கும் நாடானது. அங்கே அரசாங்கம் நைராவின் மதிப்பை உயரத்திலேயே பிடித்து வைத்திருந்தது. உள்ளூரில் விலைவாசியும் கூலியும் ஏறிக்கொண்டே போக, கடலை விவசாயிக்கு டாலர் வழியாக வந்த வரவு மட்டும் ஏறவில்லை. பழியை முழுக்க எண்ணெய் மேல் போடுவதும் நியாயமில்லை. 1970-களின் தொடக்கத்தில் அங்கே கடும் வறட்சி, கடலைச் செடிக்கு நோயும் வந்தது. விவசாயிக்குக் குறைந்த விலை கொடுத்த அரசுக் கொள்முதல் முறையும் ஒரு காரணம். ஆனால் மழை திரும்பிய பிறகும் கோபுரங்கள் திரும்பவில்லை.

நைஜீரியாவில் கவனிக்க வேண்டியது, அடி வருவதற்குப் பணத்தின் மதிப்பு பலகையில் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. உள்ளூர்க் கூலியும் விலையும் ஏறினாலே போதும். அந்த இரண்டாவது வாசல் வழியாக நோய் வந்த இடம் நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. கேரளா.

கேரளாவுக்கு எண்ணெய் கிணறு கிடையாது. ஆனால் 1970-களிலிருந்து வளைகுடா எண்ணெய்ப் பணத்தில் ஒரு பங்கு, அங்கே வேலைக்குப் போன பிள்ளைகள் மூலமாக வீட்டுக்கு வந்தது. கேரளாவுக்கென்று தனி ரூபாய் இல்லாததால் பணத்தின் மதிப்பு அந்த மாநிலத்துக்கு மட்டும் ஏற வழியில்லை. ஏறியது கூலி. வந்த பணத்தில் பெரும்பகுதி வீடு கட்டப் போனது. வீடு கட்டக் கொத்தனார், சித்தாள் வேண்டும். கட்டடத்தில் அதிகக் கூலி கிடைக்கும்போது நாற்று நட யார் வருவார்கள்? நெல் விலையோ ஆந்திராவிலும் பஞ்சாபிலும் விளையும் நெல்லோடு போட்டி போடும் விலை. சலூன்காரர் மாதிரி ஏற்றிவிட முடியாது. 1970-களின் நடுவில் எட்டரை லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த கேரளத்தின் நெல் பரப்பு, இப்போது இரண்டு லட்சம் ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. 2008-ல் நெல் வயலை மண்ணடித்து மூடக்கூடாது என்று சட்டமே போட வேண்டியதாயிற்று.

அங்கே குறைந்ததை நிரப்பியதில் நம் பக்கத்து விவசாயிகளுக்கும் பங்கு உண்டு. ஒட்டன்சத்திரம் சந்தையில் லாரி ஏறும் காய்கறியில் பெரும்பகுதி மலை தாண்டித்தான் போகிறது. கம்பம் பள்ளத்தாக்குக் காயும் அப்படியே. ஒருவருக்கு வந்த நோய் பக்கத்து வீட்டுக்காரருக்கு வியாபாரம்.

கேரளா ஏழையாகிவிட்டதா என்று கேட்டால், நிச்சயமாக இல்லை. படிப்பிலும் ஆரோக்கியத்திலும் நம்மைவிட முன்னால்தான் இருக்கிறார்கள். சித்தாளுக்கு நல்ல கூலி கிடைத்தது கெட்ட விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். நெல் குறைந்ததற்கு ரப்பரும் தென்னையும் மனை விலையும்கூடக் காரணங்கள். அதனால்தான் தொழில் நசிந்த இடத்தையெல்லாம் டச்சு நோய் என்று சொல்லிவிடக் கூடாது. நெதர்லாந்திலேயே எனஸ்கெடே பக்கத்து நெசவு ஆலைகள் மூடியதற்கு வாயு மட்டுமா காரணம் என்ற கேள்வி உண்டு. வாயு கிடைக்காத அண்டை நாட்டு ஆலைகளும் அதே காலத்தில்தான் மூடின, மலிவான ஆசியத் துணி வந்ததால்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதே பொருளைச் செய்யும், புதையல் கிடைக்காத பக்கத்து நாட்டைப் பாருங்கள். அவர்கள் தாக்குப்பிடிக்கும்போது நாம் மட்டும் விழுந்தால் சந்தேகப்படலாம். கூடவே, ஊரில் கட்டட வேலையும் கடைகளும் ஹோட்டலும் செழிக்க, வெளியூருக்கு விற்கிறவர்கள் மட்டும் வாடினால் சந்தேகம் பலக்கும். 2007-ல் வங்கதேசத்தைப் பார்த்தோமே, அந்த ஒப்பீடுதான். வெறும் டாலர் விலை போதாது, போட்டி நாடுகளின் விலைவாசியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிச் சேர்த்துக் கணக்கிட்ட ரூபாய் மதிப்புக் குறியீடு ஒன்றை ரிசர்வ் வங்கி தன் மாத இதழில் தொடர்ந்து வெளியிடுகிறது. திருப்பூரில் ஏற்றுமதி பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய எண் அது.

வரும் டாலரையெல்லாம் ரிசர்வ் வங்கியே வாங்கி வைத்துக்கொண்டால் ரூபாய் ஏறாதே என்று தோன்றும். 2007-ல் வங்கி பெருமளவில் வாங்கவும் செய்தது. சிக்கல் என்னவென்றால், டாலரை வாங்க ரூபாயைக் கொடுக்க வேண்டும். அந்த ரூபாய் ஊருக்குள் வந்தால் விலைவாசி ஏறும். முதல் வாசலை அடைக்கப் போய் இரண்டாவது வாசல் திறந்துகொள்ளும். அதற்காக ஒருபக்கம் கடன் பத்திரம் விற்று அந்த ரூபாயைத் திரும்ப உறிஞ்ச வேண்டும், அதற்கு அரசு வட்டி கட்ட வேண்டும். ஓரளவுக்குத்தான் செய்ய முடியும்.

நார்வே வேறு வழி பிடித்தது. எண்ணெய்ப் பணத்துக்கென்று 1990-ல் சட்டம் போட்டு ஒரு நிதியம் வைத்தார்கள். 1996-ல் முதல் பணம் போட்டார்கள். அந்த நிதியத்தின் பணம் முழுவதும் வெளிநாட்டுப் பங்குகளிலும் பத்திரங்களிலும் சொத்துகளிலும்தான் போகும். நார்வேக்குள் முதலீடு செய்யக் கூடாது. பட்ஜெட்டுக்கு வருடா வருடம் எடுத்துக்கொள்வது, நிதியம் நீண்ட காலத்தில் ஈட்டும் என்று எதிர்பார்க்கும் அளவுக்குத்தான். 2001-ல் நான்கு சதவீதம் என்று வைத்தார்கள், 2017-ல் மூன்றாகக் குறைத்தார்கள். டாலர் உள்ளூர்ப் பணமாக மாறும் வேகத்தைக் கட்டினால் இரண்டு வாசலும் பாதி மூடிவிடும். அங்கேயும் கூலி ஏறாமல் இல்லை. ஆனால் நைஜீரியக் கடலைக்கு வந்த கதி வரவில்லை.

பெரியவரின் வைகை பெட்ரோலுக்கு வருவோம். நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி. காவிரிப் படுகையில் நரிமணம் பக்கம் பல வருடங்களாக எடுத்துக்கொண்டிருந்தும் அது நாட்டுத் தேவைக்கு முன்னால் சொற்பம். புதிதாகக் கிடைத்தாலும் ரொம்பக் காலத்துக்கு இறக்குமதியைக் குறைக்கத்தான் பயன்படும். அப்போதும் டாலர் வாங்கும் தேவை குறைவதால் ரூபாய் ஏறும் பக்கம்தான் தள்ளும். ஆனால் இவ்வளவு பெரிய நாட்டில் ஒரு வயலின் எண்ணெய் அந்த அளவுக்குத் தள்ளாது. ரூபாய் வழியாக வரும் அடி திருப்பூர் வரை எட்டாது. கூலி வழியாக வரும் அடி மட்டும் கிணறு தோண்டும் ஊரைச் சுற்றி உறுதியாக விழும். கேரளத்தில் மாநிலம் முழுக்க நடந்தது, இங்கே ஒரு தாலுகா அளவில் நடக்கும்.

இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் அன்று டீக்கடையிலேயே பெரியவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப பெட்ரோல் வர்றதுக்கு முன்னாடியே எனக்கு வந்துருச்சே அந்த நோய்" என்றார். அகத்தியில் கொடி ஏற்றிக் கட்டவும், நுனி கிழியாமல் இலை கிள்ளவும் பழகிய கை வேண்டும். அப்படி அவரிடம் வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் மதுரையில் கட்டட வேலைக்குப் போய்விட்டார்களாம்.

"நாளைக்கு இலை கிள்ளணும். ரெண்டு பேருதான் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. நீ ஒரு நாள் லீவு போட்டு இருந்துட்டுப் போ மாப்ளே" என்றபடி எழுந்தார்.

மாப்பிள்ளை திருப்பூர் பஸ்ஸுக்கு மணி பார்த்துக்கொண்டிருந்தார்.